மனை அளப்பது முதல் சாவி வாங்குவது வரை: முதல் வீடு கட்டுபவருக்கு

கேள்வி: மடிப்பாக்கத்தில் 30-க்கு 40 மனை வாங்கியிருக்கிறோம். தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட வேண்டும். வங்கிக் கடனும் வாங்கப் போகிறோம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் வீடு கட்டியதில்லை. பிளான் அப்ரூவல் வாங்குவதிலிருந்து சாவி கைக்கு வரும் வரை என்னென்ன நடக்கும்? எந்தக் காகிதங்களை எல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்?

பதில்: வரைபடம் போடுவதற்கு முன்பே மனையை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 30 அடி என்று எழுதியிருப்பதும், பட்டாவில் இருக்கும் பரப்பும், தரையில் நாடா பிடித்தால் வருவதும் மூன்று விதமாக இருப்பது சென்னைப் புறநகரில் அன்றாடம் பார்ப்பது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டும்போது ஆறு அங்குலம் உள்ளே வந்திருப்பார், அல்லது லேஅவுட் போட்டபோது நட்ட கல் இடம் மாறியிருக்கும். அளவுகள் மாறுபட்டால், அனுமதிக்கு மூன்றில் எது குறைவோ அதையே கணக்கில் எடுப்பார்கள். ஆகவே வருவாய்த்துறை நில அளவையருக்கு இணையவழியில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, எல்லையை அளந்து கல் நட்டு, அவர் தரும் அளவைப் படத்தை வாங்கி வையுங்கள். உங்கள் கோப்பில் சேரும் முதல் காகிதம் அதுதான்.

அந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் மனையிலேயே பார்ப்போம். பக்கங்களில் தலா 1 மீட்டரும் முன்னால் 1.5 மீட்டரும் காலியிடம் விட்டு வரைபடம் போடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அடி அகலத்தில் இருபுறமும் 3 அடி 4 அங்குலம் விட்டால் வீட்டின் அகலம் 23 அடி 4 அங்குலம். தரையில் உண்மையில் இருப்பது 29 அடி 4 அங்குலம்தான் என்றால், மேஸ்திரி ஒரு மதிலிலிருந்து 3 அடி 4 அங்குலம் விட்டுக் கோடு போடுவார், வீட்டின் அகலத்தையும் வரைபடத்தில் உள்ளபடியே குறிப்பார். மறுபுறம் மிஞ்சுவது 2 அடி 8 அங்குலம். அதாவது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். பூச்சு வேலை முடிந்தால் இன்னும் ஓர் அங்குலம் குறையும். யாரும் வேண்டுமென்று செய்த தவறு இல்லை. ஆனாலும் கடைக்கால் போட்ட அன்றே வீடு அனுமதியிலிருந்து விலகிவிட்டது. மேலே எத்தனை தளம் எழுந்தாலும் அந்த விலகல் கூடவே எழும்.

அளந்த கையோடு உரிமைக் காகிதங்களைச் சேர்த்துவிடலாம். உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், tnreginet.gov.in தளத்தில் எடுத்த வில்லங்கச் சான்று, உங்கள் பெயருக்கு மாறிய பட்டா, புலப்படம், லேஅவுட் அனுமதி எண் ஆகியவை வேண்டும். பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மனை அனுமதியில்லாத லேஅவுட்டில் இருந்தால், 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்படி அது வரன்முறைப்படுத்தப்பட்ட ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆணை இல்லாமல் கட்டட அனுமதிக்கு வழியில்லை. வங்கி வழக்கறிஞர் சட்டக் கருத்து கொடுத்துவிட்டார் என்பதற்காக இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இனி அனுமதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 என்பதே அடிப்படை. உங்களைப் போன்ற சிறு வீடுகளுக்காக 2024 ஜூலையில் சுயசான்று முறையை அரசு கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோர் onlineppa.tn.gov.in வழியாக விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், அதிகாரி இடத்தைப் பார்வையிடுவதற்குக் காத்திராமல் அனுமதி கிடைத்துவிடும். அப்போது வைத்த உயர வரம்பு 7 மீட்டர். விண்ணப்பிக்கும் நாளில் வரம்புகளை அதே தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கொடுத்த விவரங்கள் அனைத்தும் உண்மை என்று கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அளவு பொய்யானால் அனுமதி ரத்தாகலாம், பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். அதனால்தான் அளவையரை முதலில் அழைக்கச் சொன்னேன்.

உயரத்தைப் பற்றி மடிப்பாக்கத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பகுதி அது. சாலைகளும் ஒவ்வொரு முறை போடும்போது ஏறிக்கொண்டே வருகின்றன. எனவே பேஸ்மென்ட்டை மூன்றரை அடியாவது உயர்த்த நினைப்பீர்கள், நினைக்கவும் வேண்டும். ஆனால் தளத்துக்குப் பத்தடி என்று வழக்கமாகப் போட்டால் மூன்றரையும் இருபதும் சேர்ந்து இருபத்து மூன்றரை அடி ஆகிறது. அது 7.16 மீட்டர். வரம்பைத் தாண்டிவிட்டது. அதையே தளத்துக்கு ஒன்பதரை அடியாக வைத்தால் மொத்தம் இருபத்து இரண்டரை அடி, 6.86 மீட்டர். ஐந்து அங்குல கான்கிரீட் போக அறைக்குள் ஒன்பது அடிக்கு மேல் உயரம் கிடைக்கும், மொட்டைமாடி ஓட்டுக்கும் சிறிது இடம் மிஞ்சும். இதைப் பேசி முடிவு செய்ய வேண்டிய நேரம் வரைபடம் போடும்போதுதான். கட்டிக்கொண்டிருக்கும்போது “இன்னும் ஒரு வரிசை கல் ஏற்றிவிடுங்கள்” என்று சொன்னால் அனுமதி ஒன்றாகவும் வீடு ஒன்றாகவும் ஆகிவிடும்.

பதிவு பெற்ற பொறியாளரிடமோ கட்டடக் கலைஞரிடமோ இரண்டு வகை வரைபடங்கள் கேளுங்கள். அனுமதிக்குப் போவது ஒன்று. கம்பி எத்தனை மில்லிமீட்டர், எத்தனை இடைவெளியில், எந்த இடத்தில் என்று சொல்லும் ஸ்ட்ரக்சுரல் வரைபடம் இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் மேஸ்திரியின் அனுபவத்தை நம்பிக் கட்டும் வீடுகள் இன்றும் நிறைய. அதைப் போட மண் பரிசோதனை அறிக்கை வேண்டும். சென்னையில் கிண்டி, பல்லாவரம் பக்கம் சீக்கிரமே பாறை வந்துவிடும், கடற்கரையோரம் மணல், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய உங்கள் பகுதியில் களிமண். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பக்கத்து வீட்டுக்கு ஐந்தடியில் கடைக்கால் போட்டார்கள் என்பது உங்கள் வீட்டுக்குக் கணக்கு ஆகாது. அவர் மனை முன்பு மேடாக இருந்திருக்கலாம், உங்களுடையது குட்டையாக இருந்து மண் கொட்டி நிரவியதாக இருக்கலாம்.

ஒப்பந்தக்காரருடன் எழுதும் ஒப்பந்தத்தில் சதுர அடி விலையை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பரப்புக்கு அந்த விலை என்று கேளுங்கள். படிக்கட்டு, பால்கனி, மொட்டைமாடி அறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மதில் சுவர் ஆகியவை அதில் சேருமா, தனியா என்று எழுதி வாங்குங்கள். கடைசியில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஆறு இனங்களில்தான் வரும். பணம் கொடுப்பது வேலை தொடங்கும்போது அல்ல, முடிந்த பிறகு என்று இருக்கட்டும். “ரூஃப் கான்கிரீட் போடும்போது” என்று எழுதியிருந்தால், “கான்கிரீட் போட்டு, முட்டு பிரித்த பிறகு” என்று மாற்றச் சொல்லுங்கள். மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்தை, வீட்டை ஒப்படைத்த பின் ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்திவைக்கும் விதியும் இருக்கட்டும்.

பூமி பூஜைக்கு முன் மின்சாரமும் தண்ணீரும். கட்டுமானத்துக்கென்று தற்காலிக இணைப்பு தனிக் கட்டண வீதத்தில் கிடைக்கும். பக்கத்து வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுத்தால் அபராதம் அவருக்கு வரும், பகை உங்களுக்கு வரும். ஆழ்துளைக் கிணறு போடச் சென்னையில் குடிநீர் வாரியத்தின் அனுமதி தேவை. கிணற்றில் வரும் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்புத் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பும், சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழும். அந்த ஆய்வறிக்கையும் கோப்புக்குப் போகட்டும்.

கோடு போடும் நாள் வருகிறது. அன்று பொறியாளர் நேரில் இருந்தே ஆக வேண்டும். அனுமதி வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் எல்லைக் கல்லிலிருந்து வீட்டின் வெளிச்சுவர் வரை, பூச்சையும் சேர்த்து அளந்து, நாடா தெரியும்படி படம் எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் வீடு கோணல். இவ்வளவும் முடிந்த பிறகே கடைக்கால் குழி தோண்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு பேஸ்மென்ட் எழுந்து மண் நிரப்பியிருக்கும்படி நாள் குறித்துக்கொண்டால் நல்லது. அக்டோபரில் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் ஓரத்து மண் சரிந்து அடிமண் சேறாகிவிடும். அதன்மேல் கான்கிரீட் போடக் கூடாது. இறைத்துவிட்டு, இளகிய மண்ணை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இங்கிருந்து கட்டுமானம் முழுவதிலும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரே விதி, எதுவும் மூடப்படுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்பது. கடைக்காலை மண் மூடும். கம்பியைக் கான்கிரீட் மூடும். குழாயைப் பூச்சும் டைல்ஸும் மூடும். மூடிய பின் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

எல்லாவற்றிலும் பெரியது ரூஃப் கான்கிரீட். முந்தைய நாள் மாலை, கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகைத் தளமான சென்ட்ரிங் மேல் பொறியாளருடன் ஏறிப் பாருங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்க வேண்டும், கம்பி பலகையைத் தொடக் கூடாது. பீமுக்கு மேலே குறுக்காகப் போகும் மேல்கம்பிகள் எழுந்து நிற்க வேண்டும். ஆட்கள் மிதித்து மிதித்து அவை கீழே படிந்துவிடும். மேலே இருக்க வேண்டிய கம்பி கீழே போனால் அதைப் போட்டதே வீண். பின்னாளில் பீமை ஒட்டிக் கூரையின் மேற்பக்கம் நீளமாக வெடிப்பு வரும். எலெக்ட்ரீஷியன் குழாய் பதிக்கும்போது கம்பியை நகர்த்தியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அறை அறையாகப் படம் எடுங்கள். மறுநாள் கலவை இறுகுகிறது என்று யாராவது குடத்துத் தண்ணீரை ஊற்ற வந்தால் நிறுத்துங்கள். ரெடிமிக்ஸ் வாங்கினாலும் இது நடக்கும். ரெடிமிக்ஸ் லாரி கொண்டுவரும் சீட்டில் கான்கிரீட்டின் தரம், புறப்பட்ட நேரம், அளவு ஆகியவை இருக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதே கலவையில் ஆறு கனசதுர அச்சுகள் எடுக்கச் சொல்லி, மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கலாம். பெரிய செலவில்லை. எம்-25 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டனுக்கு மேல் வர வேண்டும்.

அடுத்து வரும் சண்டை முட்டு பிரிப்பதில். சென்ட்ரிங் வாடகை நாள் கணக்கில் ஓடுவதால் ஒப்பந்தக்காரர் அவசரப்படுவார். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 விதிப்படி, நாலரை மீட்டர் வரை விரியும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். அதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்கான குறைந்தபட்சம். நம் ஊரில் பெரும்பாலும் வருவது எரிசாம்பல் கலந்த பி.பி.சி. அது மெதுவாக இறுகும் என்பதால் நாள் கூட்ட வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் பி.பி.சி.க்குப் பத்து நாளாவது வேண்டும்.

கம்பி வந்து இறங்கும்போது பில்லோடு தரச் சோதனைச் சான்றும் கேளுங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.66 கிலோ இருக்க வேண்டும். ஒரு கம்பியை எடைபோட்டாலே தெரிந்துவிடும்.

சுவர் எழுந்து, சுவரை வெட்டி மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்த பிறகு, பூசுவதற்கு முன் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். குழாயில் தண்ணீரை அழுத்தம் ஏற்றி நிறுத்தி, அழுத்தம் இறங்குகிறதா என்று பிளம்பர் காட்ட வேண்டும். பின் ஒவ்வொரு சுவருக்கும் நேராக நின்று, மூலையிலிருந்தும் தரையிலிருந்தும் நாடா பிடித்து, குழாய் எங்கே போகிறது என்று தெரியும்படி படம் எடுங்கள். கோப்புக்கு “தெற்குப் படுக்கையறை, கிழக்குச் சுவர்” என்பதுபோல் பெயர் கொடுங்கள். பத்து வருடம் கழித்து ஏ.சி. மாட்டவோ அலமாரி அறையவோ துளை போடும்போது, நீங்கள் தேடப்போகும் ஆவணம் இதுவாகத்தான் இருக்கும். குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சு போட்டு, வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மொட்டைமாடிக்கும் அப்படியே. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதன் குழியை வாகனம் நிறுத்தும் தளத்துக்குக் கீழே மூடிவிடும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் மனம் மாறுவது இயல்பு. பால்கனியை இரண்டடி நீட்டலாம், பக்கவாட்டுக் காலியிடத்தில் ஒரு கழிப்பறை போடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உள்ளே ஒரு தடுப்புச் சுவரை நகர்த்துவது வேறு, காலியிடத்துக்குள் கட்டுவதும் பரப்பைக் கூட்டுவதும் உயர்த்துவதும் வேறு. இரண்டாவது வகை மாற்றம் வேண்டுமென்றால் திருத்திய வரைபடத்துக்கு முதலில் அனுமதி வாங்குங்கள், பிறகு கட்டுங்கள். சிறு வீட்டுக்குப் பணிநிறைவுச் சான்று தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. அதைக் காட்டி “யாரும் வந்து பார்க்கமாட்டார்கள்” என்று உங்களிடம் சொல்வார்கள். சான்றுக்குத்தான் விலக்கு, வரைபடத்துக்கு இல்லை. அண்டை வீட்டார் ஒரு புகார் கொடுத்தாலும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் வரும், பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் உண்டு. வீட்டை விற்கும்போதும் வாங்குபவரின் வங்கிப் பொறியாளர் அனுமதி வரைபடத்தோடுதான் வந்து அளப்பார்.

வங்கிக் கடன் கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் வங்கி தன் பொறியாளரை அனுப்பி, எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று பார்க்கும். அவருடைய கணிப்பும் உங்கள் ஒப்பந்தத்தின் கட்டங்களும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் பணம் நின்று வேலையும் நிற்கும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வங்கியின் தவணைப் பட்டியலை வாங்கி, அதற்கேற்பக் கட்டங்களைப் பிரியுங்கள். மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைக்கும்போது, ஒவ்வொன்றின் ஆவண எண்ணும் ஆண்டும் எழுதிய ஒப்புகைப் பட்டியலை வங்கி முத்திரையோடு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் மூன்று அலுவலகங்கள் பாக்கி. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் குடிபோன பிறகும் அந்தக் கூடுதல் வீதத்திலேயே கட்டிக்கொண்டிருப்பீர்கள். குடிநீர் வாரியத்தில் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெருவில் புதிதாகப் போட்ட சாலையை நீங்களே வெட்டிவிடாதீர்கள். மாநகராட்சியில் சொத்து வரி மதிப்பீடு செய்ய வேண்டும். அது அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும். மதிப்பீட்டில் பரப்பைக் குறைத்துக் காட்டச் சொல்லும் ஆலோசனை வந்தால் கேட்காதீர்கள், அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பே அங்கும் இருக்கட்டும்.

சாவி வாங்கும் நாள் கிரகப்பிரவேச நாளாக இருக்க வேண்டாம். அன்று உறவினர் கூட்டத்தில் ஒன்றும் பார்க்க முடியாது. ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, குழாய்களையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்து, குளியலறைத் தரையில் வாளித் தண்ணீரை ஊற்றி அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்று பார்த்து, குறைகளை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவை சரியான பிறகு, கட்டியபடியான மின், குழாய் வரைபடங்கள், மோட்டார், கதவு, நீர்த்தடுப்பு ஆகியவற்றின் உத்தரவாத அட்டைகள், இறுதிக் கணக்கு, “நிறுத்திவைத்த தொகை தவிர வேறு பாக்கி இல்லை” என்ற ஒப்பந்தக்காரரின் கையெழுத்து ஆகியவற்றை வாங்கிக்கொண்டு சாவியைப் பெறுங்கள்.

காகிதங்களை இரண்டு கோப்புகளாகப் பிரியுங்கள். ஒன்று வீடு இருக்கும் வரை வைக்க வேண்டியது: பத்திரங்கள், பட்டா, அளவைப் படம், அனுமதி ஆணையும் வரைபடமும், கட்டணம் செலுத்திய ரசீதுகள், ஸ்ட்ரக்சுரல் வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, கியூப் சோதனை முடிவுகள், மறைந்த வேலைகளின் படங்கள், முதல் சொத்து வரி மதிப்பீட்டு ஆணை. பின்னால் இன்னொரு தளம் எழுப்ப நினைத்தால், எந்தப் பொறியாளரும் முதலில் கேட்பது ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் மண் அறிக்கையையும்தான். இன்னொன்று பில்களும் பணம் கொடுத்த சான்றுகளும். அவையும் சாதாரணமல்ல. வீட்டை விற்கும் நாளில் மூலதன ஆதாய வரிக்கு, கட்டிய செலவைக் காட்ட அவைதான் ஆதாரம். ஆகவே பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கடை பில்களின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் உடனே ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.

கடன் தீரும் நாளுக்கும் ஒரு குறிப்பு எழுதிக் கோப்பின் மேலேயே வைத்துவிடுங்கள். முழுத் தொகையும் கட்டி முடித்த 30 நாட்களுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் பக்கத் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. அன்று அந்த ஒப்புகைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.